பெர்த்திலிருந்து பேசிய தம்புசாமி

இறந்துவிட்டதாகக் கருதப்படும் தம்புசாமியைப் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் பதினான்கு நாளுக்குள் கீழ்க்கண்ட வழக்கறிஞர் அலுவலகத்தோடு தொடர்புகொள்ளவும் என்று தமிழ்ப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. தீப்பெட்டி அளவுதான். மீசையோடு ஒரு படம், அதற்குக் கீழே நாலு வரி. ஊரில் யாரும் படிக்காத பக்கத்தில் போட்டிருந்தார்கள். அன்று மதியத்துக்குள் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் பதினாறு பேர் போன் செய்தார்கள். டெலிபோன் சூடேறி அதன்மேல் முட்டை உடைத்து ஊற்றியிருந்தால் வெந்திருக்கும்.

மறுநாள் வழக்கறிஞர் வசுந்தரா, புஷ்பவல்லியை வரச்சொல்லி எதிரே உட்கார வைத்தாள்.

"என்ன மிஸ், அவரைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது ஆன்டி. உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லா இருக்காராம். ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல. திராட்சைத் தோட்டத்துல சூப்பர்வைசராம். இடது முட்டி மட்டும் கொஞ்சம் வலியாம்."

புஷ்பவல்லி வாயிலிருந்த தே தாரேக் டீ மூக்கு வழியாக வந்தது.

"பதினாறு பேர் சொல்றாங்க ஆன்டி. ஒரு அக்கா அழுதே அழுதுட்டாங்க. அவங்க சக்கரை வியாதிக்குப் பாகற்காய் ஜூஸ் குடிக்கச் சொன்னதே உங்க வீட்டுக்காரர்தானாம். 'அந்த தெய்வத்தைச் செத்துட்டாருன்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு'ன்னு எனக்கு ஒரே ஏச்சு. நான் உங்ககிட்ட மொத நாளே கேட்டேன் லா. அவர்கிட்டேர்ந்து போன், கடிதாசி, ஆள் மூலமா சேதி, ஏதாச்சும் வந்துச்சான்னு. வரலைன்னு சொன்னீங்க."

"வரலை மிஸ். சத்தியமா ஒண்ணுமே வரலை."

"அப்ப இந்தப் பதினாறு பேரும்?"

புஷ்பவல்லி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு மூக்கில் ஒன்றுமே இல்லாதபோதும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது வந்து மிஸ்... அது கோயில்ல சொன்னது. கோர்ட்டுல சொல்றது வேற இல்லையா?"

அறுபத்தொரு வயதுப் பெண்மணி அப்படித்தான் நினைத்திருந்தாள். கோர்ட் ஷா ஆலமில் இருக்கிறது. கோயில் கிள்ளானில், வீட்டிலிருந்து நாலாவது சந்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பத்திரிகை ஓடிக்கொண்டிருப்பது அவள் மூளைக்கு எட்டவில்லை.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, தம்புசாமி போர்ட் கிள்ளானில் லோரியை நிறுத்தி, சாவியைச் சீட்டில் வைத்து, ஒரு தோள்பையோடு இறங்கி நடந்தார். அதற்குப் பிறகு அவரை மனிதக் கண் எதுவும் பார்க்கவில்லை. புஷ்பவல்லி அன்றிரவே போலீஸ் ரிப்போர்ட் செய்தாள். ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, பத்துமலைப் படிக்கட்டு வரைக்கும் தேடினாள். மூன்று மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பக்கத்து வீட்டு உஷாராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சியாம்ல ஒரு பொம்பளையோட பார்த்ததா சொல்றாங்களேடி, அப்படியா?" என்று உலகத்து இரக்கத்தையெல்லாம் திரட்டி ஒரு பார்வை பார்த்தாள். பின்னாலிருந்த ஏழெட்டுப் பெண்கள் மூச்சு விடுவதை நிறுத்தினார்கள்.

"இல்லியே. நேத்துக்கூட போன் பண்ணாரே. பெர்த்ல இருக்காரு, வேலைக்குப் போயிருக்காரு" என்றாள் புஷ்பவல்லி.

பெர்த் எங்கிருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. முந்தின நாள் மகள் புனிதா புவியியல் பாடத்தை உரக்கப் படித்தபோது காதில் விழுந்த ஊர் அது.

ஒரே ஒரு போனோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெர்த்தில் இருப்பவன் தீபாவளிக்குப் போன் பண்ணாமல் இருப்பானா? பண்ணினார். பொங்கலுக்கும் பண்ணினார். முதல் வருஷம் திராட்சை பறித்தார், மூன்றாம் வருஷம் மேஸ்திரி, ஆறாம் வருஷம் சூப்பர்வைசர். கிள்ளானில் இருபது வருஷம் லோரி ஓட்டியும் ஒரு டயர்கூடச் சொந்தமாக வாங்காத மனுஷன், பெர்த்தில் புஷ்பவல்லியின் மேற்பார்வையில் மளமளவென்று முன்னேறினார். குணமும் மாறியது. பக்கத்து வீட்டுக்காரி பெயரையே நினைவில் வைத்திராதவர், உஷாராணியின் சர்க்கரை அளவைக் கேட்டார். யார் மகன் பரீட்சை எழுதினாலும் வாழ்த்துச் சொன்னார். தாமான் குடியிருப்பில் இரண்டு பூசல்களைத் தீர்த்துவைத்தார். பிறகு ஆட்கள் அவளிடம் சேதி கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். "அண்ணன் கூப்பிட்டா கேளு, நான் இந்தக் கார் வாங்கலாமா?" அடுத்த வாரம் பதில் வரும். வாங்க வேண்டாம் என்று தம்புசாமி சொன்ன கார் கம்பெனி ஒன்று பிற்பாடு மூடப்பட்டது. அன்றிலிருந்து அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

வீட்டில் போன் ஒருநாளும் அடிக்கவில்லை என்று தெரிந்தவள் புனிதா ஒருத்திதான். பதினான்கு வயதில் அம்மாவைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள், முப்பது வயதுவரை திறக்கவில்லை.

அந்தப் புனிதாதான் இப்போது சுபாங் ஜெயாவில் குடியிருந்துகொண்டு, "அம்மா, மூணு தடவை வெள்ளம் வந்துடுச்சு, கூரை ஒழுகுது, அந்த வீட்டை வித்துட்டு எங்க புளோக்லயே கீழ்வீடு ஒண்ணு வாங்கலாம்" என்று பிடியாய்ப் பிடித்தாள். விற்கலாம். ஆனால் வீட்டுப் பத்திரமான கிரான் தம்புசாமி பெயரில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் பெர்த்தில் சூப்பர்வைசராக இருந்தார்.

முதல் சந்திப்பிலேயே வசுந்தரா தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"ஏழு வருஷம் ஆயிட்டா தானா செத்துட்டதா ஆயிடாது ஆன்டி. நாம ஹைகோர்ட்டுக்குப் போய்க் கேக்கணும். உயிரோட இருந்தா யாருக்கெல்லாம் இயல்பா சேதி வந்திருக்கும்? பொண்டாட்டி, பிள்ளை, கூடப்பொறந்தவங்க. அவங்களுக்கு ஏழு வருஷமா ஒண்ணுமே வரலைன்னு நிரூபிக்கணும். அப்பதான் ஜட்ஜ் இறந்துட்டதா எடுத்துக்குவாரு."

அதன்படி எல்லா இடத்துக்கும் கடிதம் எழுதினாள். ஆளைக் கண்டுபிடிக்கவில்லை என்று போலீஸ் பதில் வந்தது. குடிநுழைவுத் துறை, அவர் நாட்டைவிட்டு வெளியேறியதாகப் பதிவே இல்லை என்றது. ஊழியர் சேமநிதியில் அவர் ஐம்பத்தைந்து வயதில் எடுத்திருக்கக்கூடிய பணம் தொடாமல் கிடந்தது. வசுந்தராவுக்கு எல்லாவற்றிலும் அதிகம் பிடித்தது, இன்ஷூரன்ஸ் ரசீதுகள். பதினாறு வருஷம், மாதம் தவறாமல் புஷ்பவல்லி கட்டியிருந்தாள்.

"இது எவ்வளவு நல்ல வேலை தெரியுமா ஆன்டி? கோர்ட் அவர் என்னைக்குச் செத்தாருன்னு சொல்லாது. இப்ப உயிரோட இல்லைன்னு மட்டும்தான் சொல்லும். நீங்க நடுவுல கட்டாம விட்டு பாலிசி காலாவதியாயிருந்தா, அதுக்கு முன்னாலயே செத்தாருன்னு நீங்கதான் நிரூபிச்சாகணும். எங்க போய் நிரூபிக்கறது?"

அதை நினைத்து அவள் கட்டவில்லை. கட்டுவதை நிறுத்தினால் அவரைத் தானே கொன்றதுபோல் இருக்கும் என்று கட்டினாள். அதை வழக்கறிஞரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. புத்திசாலி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இத்தனையும் கச்சிதமாக அடுக்கிவைத்த பிறகுதான் அந்தப் பதினாறு போன்.

"சரி ஆன்டி" என்றாள் வசுந்தரா, கதையை முழுவதும் கேட்டு, சிரிப்பை அடக்க இரண்டு தடவை பைலைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்து எழுந்தபிறகு. "இந்த மனுவுல நம்மளை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. அதனால நமக்கு எதிரா இருக்கறதையும் நாமேதான் ஜட்ஜ்கிட்ட சொல்லணும். மறைச்சா, பின்னால தெரிஞ்சா, ஆர்டரையே ரத்து பண்ணிடுவாங்க. சத்தியப்பத்திரத்துல பொய் இருந்தா அது குத்தமும்கூட. நீங்க கதை கட்டினதை அப்படியே எழுதணும்."

"எழுதினா... எல்லாருக்கும் தெரிஞ்சிடுமா?"

"அந்தப் பதினாறு பேருக்கும் நான் பதில் சொல்லித்தானே ஆகணும்."

வீடு வேண்டுமென்றால் முகம் போகும். முகம் வேண்டுமென்றால் அடுத்த வெள்ளத்தில் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். புஷ்பவல்லி யோசித்தாள். முகத்துக்கு வயசாகிவிட்டது, போனால் போகட்டும் என்று தோன்றியது. ஆனால் ஒருத்தி இருந்தாளே. தம்புசாமியின் தங்கை லோகேஸ்வரி.

அதற்குள் வசுந்தரா அடுத்த காகிதத்தை எடுத்தாள். "பதினஞ்சு பேரை விட்டுடலாம். அவங்க கேட்டது எல்லாம் உங்க வாயிலேர்ந்து. ஒருத்தர்தான் பிரச்னை. ராஜன்னு ஒருத்தர். உங்க நாத்தனார் வீட்டுக்காரராமே? ரெண்டாயிரத்துப் பத்தொன்பது தீபாவளிக்கு உங்க வீட்டுக்காரர் லோகேஸ்வரிகிட்ட நேராப் பேசினாராம். உங்க மூலமா இல்ல. அவங்க கைபேசிக்கு."

புஷ்பவல்லி அந்தக் காகிதத்தை வாங்கித் தானே படித்துப் பார்த்தாள்.

"ஆன்டி? அது உண்மையா இருந்தா ஏழு வருஷம் ஆகலை. மனுவைப் போடவே முடியாது."

ஆன்டிக்கு மனு ஞாபகமே இல்லை. போன் பண்ணினாரா? நிஜமாகவா? அந்தக் குரலில், அந்தத் தொண்டைக் கனைப்போடு? பெர்த்தைக் கட்டியது நான், திராட்சையை நட்டது நான், மனுஷனைச் சூப்பர்வைசராக்கியது நான். இவர் எங்கேயோ உயிரோடு உட்கார்ந்துகொண்டு, பெண்டாட்டியை விட்டுவிட்டுத் தங்கச்சிக்கா போன் பண்ணுகிறார்?

லோகேஸ்வரியின் அடுக்குமாடி வீடு அலுவலகத்திலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது. நேரே போயிருக்கலாம். புஷ்பவல்லி கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குத் திரும்பினாள், குளித்தாள், மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள், மறுபடி ரயில் ஏறி ஒரு மணிநேரத்துக்கு மேல் உட்கார்ந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சென்ட்ரலில் வந்து இறங்கினாள். ஏன் புடவை மாற்றினாள் என்று ரயிலில் ஒரு சின்னப் பெண் இடம் கொடுத்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. லோகாவிடம் நம்பர் இருக்கும். இந்தக் காலத்தில் போனில் முகம்கூடத் தெரியும்.

கதவைத் திறந்தவர் ராஜன். "வாங்க வாங்க. பேப்பர் பார்த்தீங்களா? எவனோ வேலையத்த லாயர் மச்சானைச் சாகடிக்கப் பார்க்கறான்! நான் விடலை. ஒரு ஏத்து ஏத்துனேன்."

"லோகா எங்க?"

லோகேஸ்வரி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். ஐம்பத்தெட்டு வயது, அண்ணனைப் போலவே அகலமான தோள். "வாங்கண்ணி. என்ன பட்டுல? கல்யாணமா?"

"உனக்கு உங்கண்ணன் போன் பண்ணாராமே."

லோகேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். புருஷன் பெருமையோடு தலையாட்டினார்.

"ஆ... ஆமா. பண்ணாரு."

"எந்த நம்பர்லேர்ந்து?"

"நம்பர் வரலைண்ணி. பிரைவேட்னு வந்துச்சு."

"என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? நல்லா இருக்கியான்னாரு. குளிரா இருக்குன்னாரு. குனிஞ்சு குனிஞ்சு திராட்சை பறிச்சதுல இடது முட்டி தேஞ்சு போச்சுன்னாரு. தென்னமரக்குடி எண்ணெய் அங்க கிடைக்கலைன்னாரு..."

புஷ்பவல்லி கேட்டுக்கொண்டே நின்றாள். இடது முட்டி. இரண்டாயிரத்துப் பதின்மூன்று பொங்கலன்று, கதையில் புதிதாக ஒன்றும் தோன்றாமல், எதிரே வலிக்கிற காலை நீவிக்கொண்டிருந்த பூக்காரியைப் பார்த்து அவள் ஒட்டவைத்த முட்டி அது. எண்ணெய் அதற்கடுத்த வருஷம் சேர்த்தது. அவள் தைத்த ஒவ்வொரு பொத்தானும் அப்படியே அந்தச் சட்டையில் இருந்தது. வேறு யாரும் வைத்த பொத்தான் ஒன்றுகூட இல்லை.

"உன்னை என்னன்னு கூப்பிட்டாரு லோகா?"

"லோகாம்மான்னு."

தம்புசாமி தங்கையை வாழ்நாளில் ஒரு பெயரால்தான் அழைத்திருக்கிறார். பனைமரம். கோபம் வந்தாலும் பனைமரம், பாசம் வந்தாலும் பனைமரம்.

புஷ்பவல்லி நாத்தனாரின் பொய்யைப் பிடித்துவிட்டாள். வழக்குக்கு இடையூறு நீங்கிவிட்டது. ஒரு மணிநேரமாக ரயிலில் உயிரோடிருந்த மனுஷனும் அதோடு போய்விட்டார். அவள் லோகேஸ்வரியின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"எதுக்குடி பொய் சொன்ன?"

"நான் ஏன் பொய் சொல்றேன்..."

"பனைமரம்."

லோகேஸ்வரி அடுப்பை அணைத்தாள். நல்ல உயரமான பெண், ஒரு சாண் குறைந்ததுபோல் ஆகிவிட்டாள். "இவருதாண்ணி. எத்தனை வருஷமா நோண்டறாரு தெரியுமா. 'உங்கண்ணனுக்கு நெசமாவே வருத்தம்னா உனக்கு நேரா ஒரு போன் பண்ண மாட்டாரா? எல்லாம் பொண்டாட்டி மூலமாத்தானா?' அப்படின்னு. தாங்க முடியலை. ஒரு தீபாவளிக்குப் பண்ணிட்டாருன்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட மட்டும் பேசறாரு, எங்கிட்ட பேசலைன்னா எனக்கு எப்படி இருக்கும்?"

"எங்கிட்டயும் பேசலை லோகா."

"என்னது?"

"ஒருநாளும் பேசலை. ஒரு தடவைகூட. பெர்த்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் நான்தான்."

வெளியே ராஜன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். சுவரில் காதை வைக்கிறார் என்று பொருள்.

லோகேஸ்வரி மெல்லக் கேட்டாள்: "அப்ப மன்னிப்பு?"

இதற்குத்தான் புஷ்பவல்லி பயந்திருந்தாள். லோகேஸ்வரியின் கல்யாணத்தன்று, பந்தியில் ஏதோ வாக்குவாதம் முற்றி, மாப்பிள்ளை வீட்டார் முந்நூறு பேர் பார்க்க, தம்புசாமி மணமேடைக்குப் பக்கத்திலேயே தங்கையைக் கன்னத்தில் அறைந்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவள் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர் காணாமல் போனபோதுகூட வரவில்லை. மூன்றாவது தீபாவளிக்குத்தான் தம்புசாமி பெர்த்திலிருந்து சொல்லியனுப்பினார்: நான் செய்தது தப்பு, லோகாவை மன்னித்துக்கொள்ளச் சொல்லு. அன்று லோகேஸ்வரி ஐஸ்பெட்டிமேல் தலையைச் சாய்த்து அழுத அழுகையில் ஐஸ்பெட்டியே உருகியிருக்க வேண்டும். மறுநாள் ஒரு டின் முறுக்கோடு கிள்ளானுக்கு வந்தாள். அதன்பிறகு வராத வாரமில்லை.

"அதுவும் நான்தான்" என்றாள் புஷ்பவல்லி.

லோகேஸ்வரி கரண்டியை ஓங்கினாள். நிஜமாகவே ஓங்கினாள். சாம்பார் ஒரு சொட்டு மாம்பழ நிறப் பட்டில் விழுந்தது. பிறகு கரண்டி இறங்கியது.

"பதினாலு வருஷம்! எங்கண்ணன் திருந்திட்டாருன்னு சாமிகிட்ட சொல்லி மொட்டை அடிச்சேனேண்ணி! யாரோ கேட்ட மன்னிப்புக்கா நான் வேண்டுதலை நிறைவேத்தினேன்? நீங்க ஏன் கேக்கணும்? என்னை அடிச்சது நீங்களா?"

"நான் பக்கத்துல நின்னேன் லோகா. கை எட்டற தூரம். அவரு கையை ஓங்கினப்ப பிடிச்சிருக்கலாம். பிடிக்கலை. உங்க மாமியார் முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். ஒன்பது வருஷமா எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எம்பேர்ல கேட்டா நீ வருவியோ மாட்டியோன்னு அவர் பேர்ல கேட்டேன்."

லோகேஸ்வரி புடவையில் விழுந்த சாம்பாரைப் பார்த்தாள். ஈரத்துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே, "அப்ப அது உண்மையான மன்னிப்புதான்" என்றாள் கடைசியில். "ஆள்தான் வேற."

பிறகு கதவைத் திறந்து ஹாலைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "என்னங்க! அண்ணன் எனக்குப் போன் பண்ணலை. பொய் சொன்னேன். அண்ணிக்கும் பண்ணலை. அவங்களும் பொய் சொன்னாங்க."

ராஜன் டிவியை அணைத்தார். "அப்ப," என்றார், "நான் அந்தக் காரை வாங்கியிருக்கலாமா?"

அடுத்த வாரம் இரண்டு பெண்களும் சத்தியப்பத்திரத்தில் கையெழுத்திட வந்தார்கள். பத்திரம் மலாயில் இருந்தது. உறுதிமொழி ஆணையர் முன்னால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வரி வரியாகத் தமிழில் சொன்னார். "மேற்படி தொலைபேசி அழைப்புகள் அனைத்தும், முட்டிவலி உட்பட, எனது கற்பனையே" என்ற இடம் வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தார். லோகேஸ்வரியின் பத்திரம் சின்னது: என் அண்ணனிடமிருந்து எனக்கு எந்தச் சேதியும் வந்ததில்லை, வந்ததாகக் கணவரிடம் சொன்னது பொய், உயிரோடிருந்தால் கட்டாயம் எனக்குத் தெரியவந்திருக்கும்.

"அந்தக் கடைசி வரி நிச்சயமா ஆன்டி?" என்று வசுந்தரா கேட்டாள். "சண்டை போட்டிருந்தீங்களே."

"எங்கம்மா தெவசத்துக்கு, சண்டையில இருந்தப்பகூட வருஷா வருஷம் ஆள் மூலமா பூ அனுப்புவாரு மிஸ். பேர் சொல்லாம. அவரு போனதுக்கப்புறம் அது வரலை." லோகேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். "எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தேன்."

அந்தப் பூ விஷயமும் பத்திரத்தில் ஒரு பத்தியாக ஏறியது. மறுபடி அச்சடித்து, மறுபடி கையெழுத்து.

விசாரணை ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில். கணினித் திரைவழி நடந்ததால் வசுந்தராவின் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். நீதிபதி கடுகடுப்பான முகத்தோடு பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார். புஷ்பவல்லியை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "பதினைந்து பேரும் உங்கள் மூலமாக மட்டும்தான் கேள்விப்பட்டார்களா?"

"ஆமாங்கய்யா. ஊருக்கே நான் ஒருத்திதான் டெலிபோன்."

நீதிபதி தலையைக் குனிந்து நெடுநேரம் எழுதினார். எழுதினாரா, சிரித்தாரா என்று திரையில் தெரியவில்லை. தம்புசாமி இறந்துவிட்டதாக அனுமானிக்கப்படுகிறார் என்று அறிவிக்க மூன்று நிமிடம் ஆனது. புனிதா அம்மாவின் முதுகைத் தடவினாள். புஷ்பவல்லி அழவில்லை. எல்லோரும் அவள் அழுவதற்காகக் காத்திருந்ததால் அழுகை வரவில்லை.

முத்திரையிட்ட ஆர்டர் கையில் வந்ததும் மற்றதெல்லாம் வரிசையாக நடந்தது. இன்ஷூரன்ஸ் பாரத்தில் இறந்த காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. புஷ்பவல்லி பேனாவை வைத்துக்கொண்டு அரைமணிநேரம் பார்த்தாள். "கோர்ட் ஆர்டரைப் பார்க்கவும்னு எழுதுங்க ஆன்டி" என்றாள் வசுந்தரா. பாலிசியில் நியமனம் மனைவி பெயரில் இருந்ததால் பணம் நேரே அவளுக்கு வந்தது. வீடு அப்படி வராது. உயில் இல்லை. சின்ன சொத்து என்பதால் ஹைகோர்ட்டுக்குத் திரும்பப் போகாமல் கிள்ளான் நில அலுவலகத்திலேயே மனுப் போட்டார்கள். பெற்றோர் இல்லை, ஆகவே மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைக்கு இரண்டு. விசாரணை நாளன்று அதிகாரி புனிதாவைக் கேட்டார், புனிதா தன் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்லிக் கையெழுத்திட்டாள். சில மாதங்களில் கிரான் புஷ்பவல்லியின் பெயருக்கு மாறியது. வீட்டைப் பார்க்க ஆளும் வந்தார்கள்.

மாறாதது தாமான்தான். வசுந்தரா பதினைந்து பேருக்கும் பதில் சொல்லியிருந்தாள். உஷாராணி வேலிக்கப்பால் துணி காயப்போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோயிலில் புஷ்பவல்லி உட்கார்ந்த வரிசையில் இடம் தாராளமாகக் கிடைத்தது. பேசாமல் சுபாங் ஜெயாவுக்குப் போய்விடலாம் என்றாள் புனிதா. புஷ்பவல்லி கேட்கவில்லை. சாவியைக் கொடுப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டிலேயே தம்புசாமிக்குப் படையல் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே ஐம்பது பேருக்குச் சமைத்தாள்.

தொண்ணூறு பேர் வந்தார்கள். செருப்பு வாசலில் தொடங்கி அடுத்த வீட்டு வாசல்வரை போனது. உஷாராணி கடைசியாக வந்தாள். மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"எங்கிட்ட எவ்வளவு அன்பா இருந்தாரு! என் சக்கரை இப்ப நார்மல் தெரியுமா? யாரு இருக்கா எனக்கு இனிமே அப்படிச் சொல்ல?"

"அதைச் சொன்னது இவங்க லா" என்றார் ராஜன்.

"தெரியும் அண்ணே. தெரிஞ்சும் அழுகை வருது, என்ன பண்றது?"

அவளைத் தொடர்ந்து நாலைந்து பேர் அழ ஆரம்பித்தார்கள். ஒருவர் அவரது பொறுமையைப் புகழ்ந்தார். ஒருவர் அவர் யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை என்றார். புஷ்பவல்லி சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். சாதத் தட்டைக் கீழே வைத்தாள்.

"பொறுமையா? அவரா? உப்பு கம்மியா இருந்தா தட்டு பறக்கும் இந்த வீட்டுல. அதோ அந்தச் சுவர்ல பாருங்க, ரசம் பட்ட கறை, ரெண்டாயிரத்து மூணு. எத்தனை பெயிண்ட் அடிச்சும் தெரியுது."

கூட்டம் அழுகையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தது.

"வீட்டு நம்பர் மறந்துட்டு ரெண்டு தடவை உஷா வீட்டுக்குள்ள போய் சட்டையைக் கழட்டிட்டுப் படுத்திருக்காரு. உஷா பேரு கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது. 'அந்த நைட்டிக்காரம்மா'ன்னுதான் சொல்வாரு."

"என்னையா?" என்றாள் உஷாராணி. கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

"லோரியில பாட்டுப் போட்டா யானையாட்டம் தலையாட்டிக்கிட்டே ஓட்டுவாரு. பயந்துபோய் நான் கண்ணை மூடிக்குவேன். புனிதா பொறந்தன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு லோரியோடவே வந்து, பார்க்கிங்ல திருப்ப முடியாம ஆம்புலன்ஸை மறிச்சுட்டாரு."

"அன்னைக்கு இல்லண்ணி" என்றாள் லோகேஸ்வரி, அப்பளத் தட்டோடு வந்து. "அது மறுநாள். பொறந்தன்னைக்கு அவரு வரவே இல்ல. பெனாங்ல லோடு."

"நீ பார்த்தியா? நீ எங்க அங்க வந்த?"

"அம்மா சொன்னாங்க. பொறந்தது பொண்ணுன்னு கேள்விப்பட்டு, பெனாங்லேர்ந்து வர்ற வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி எல்லா டோல்லயும் மிட்டாய் குடுத்துட்டு வந்தாராம். அதான் லேட்டு."

இதைப் புஷ்பவல்லி கேள்விப்பட்டதே இல்லை. முப்பது வருஷம் ஆகிவிட்டது, ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. "டோல்லயா?" என்றாள். "அந்த மனுஷனா?" பிறகு தொண்ணூறு பேர் நடுவில், கையில் சாதக் கரண்டியோடு, கோர்ட்டில் வராத அழுகை வந்தது.

லோகேஸ்வரி கரண்டியை வாங்கிக்கொண்டாள். "உக்காருங்கண்ணி" என்றாள். "இன்னும் இருக்கு. ஆற அமர சொல்றேன்."